'ஜீரோ டு ஹீரோ' என்று பெயர் வைத்து நான் பட்ட பாடு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 16 வருடம் வேலை பார்த்தேன். எக்செல் எனக்குக் கை வந்த விஷயம். பக்கத்து டேபிள்காரர்கள் ஃபார்முலா தகராறு பண்ணினால் என்னிடம்தான் ஓடி வருவார்கள். அந்தத் தைரியத்தில்தான் 2023 கடைசியில், வேலைக்குப் போகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு ஆன்லைன் எக்செல் கோர்ஸ் தயாரித்தேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தவை அந்த வீடியோக்கள். ஐந்து மாதம் ஆனது. பாடத்துக்கு அவ்வளவு உழைத்த நான், அதன் பெயருக்கு ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்கவில்லை. பணம்தான் செலவழித்தேன். மார்க்கெட்டிங் ஆலோசகர் ஒருவரிடம் 12,000 ரூபாய் கொடுத்தேன். அவர் கொடுத்த பெயர்: 'எக்செல் மாஸ்டரி புளூபிரிண்ட்: 30 நாளில் ஜீரோ டு ஹீரோ'.

கேட்டதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. என் கணவரிடம் படித்துக் காட்டியபோது, "நல்லாத்தான இருக்கு, எல்லாரும் இப்படித்தான வெக்கறாங்க" என்றார். சரி, தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். மஞ்சள் எழுத்து, சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்தபடி என் போட்டோ என்று விளம்பரப் படமும் தயாரானது. 2024 ஜனவரியில் 31,000 ரூபாய் விளம்பரத்துக்குப் போட்டு முதல் பேட்சைத் திறந்தேன். கட்டணம் 1,999. பத்து நாளில் 58 பேர் சேர்ந்தார்கள். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு மேல் கணக்கில் வந்து விழுந்தபோது, அந்த ஆலோசகர் பெரிய ஆள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் முதல் பணம் திருப்பிக் கேட்டு மெசேஜ் வர ஆரம்பித்தது. பிடிக்கவில்லை என்றால் 15 நாளில் பணம் வாபஸ் என்று நானே போட்டிருந்ததால் மறுக்க முடியாது. மொத்தம் 21 பேர். திருப்பிக் கொடுத்தது 41,979 ரூபாய். இதில் யாரும் சொல்லாத ஒரு சின்ன நஷ்டமும் உண்டு. பணம் வாங்கித் தரும் கேட்வே பிடிக்கும் கமிஷன் திரும்ப வராது. எனக்கு 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தார்கள், ஒரு ஆளுக்கு 47 ரூபாய் சொச்சம். 21 பேருக்கு ஏறக்குறைய 990 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் கணக்குப் பிள்ளைக்கு அது உறுத்தும். மீதி 37 பேரில் கடைசி வரை பார்த்தவர்கள் 11 பேர். மற்றவர்கள் பணமும் கேட்கவில்லை, பாடமும் பார்க்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம். இவ்வளவு உழைத்துச் செய்ததை இரண்டு வீடியோ பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்களே என்று. ஒரு வாரம் கழித்து, கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு, அந்த 21 பேரின் மெசேஜையும் ஒரு எக்செல் ஷீட்டில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதினேன். 8 பேர் எக்செல்லே திறந்து பழகாதவர்கள். 'ஜீரோ' என்று இருந்ததை நம்பி வந்தவர்கள். நானோ முதல் பாடத்திலேயே ஃபில்டர் போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசியிருந்தேன். 6 பேர் 'மாஸ்டரி' என்ற சொல்லைப் பார்த்து மேக்ரோ, டாஷ்போர்டு எல்லாம் வரும் என்று வந்தவர்கள். 4 பேர் 'ஹீரோ' என்றால் வேலை கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி 3 பேர், 30 நாளில் முடிக்க நேரமே இல்லை என்றவர்கள். பாடம் மோசம் என்று ஒருவர்கூட எழுதவில்லை. 21 பேரும் வாங்கியது நான் செய்த கோர்ஸை அல்ல, பெயர் சொன்ன கோர்ஸை.

அதில் ஒரு மெசேஜ் மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது. 11 வருடம் வீட்டில் இருந்துவிட்டு ஒரு துணிக்கடை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். "ஜீரோன்னு போட்டிருந்தீங்களேக்கா. நான் அந்த ஜீரோவுக்கும் கீழ இருக்கேன் போல" என்று எழுதியிருந்தார். என் தலைப்பில் இருந்த ஒரு சொல், ஏற்கெனவே தயங்கித் தயங்கி வந்த ஒரு பெண்ணை இப்படி நினைக்க வைத்துவிட்டதே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பணத்தை அன்றே அனுப்பினேன்.

அந்த மூன்று பேரின் '30 நாள்' புகாரும் எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அது எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மாதத்தில் 30 நாள் கிடையாது. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி GSTR-1, 15ஆம் தேதி பிஎஃப், ஈஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் GSTR-3B. நடுவில் சம்பள நாள் வேறு. உண்மையில் அவர்கள் கையில் நிம்மதியாக இருப்பது 21ஆம் தேதிக்கு மேல் ஏழெட்டு நாள்தான். அதிலும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல். காலேஜ் மாணவருக்கு '30 நாள்' என்று போடலாம். வேலைக்குப் போகிறவருக்குப் போடும்போது அவருடைய காலண்டரை முன்னால் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும். நான் முதல் பேட்சைத் தொடங்கிய தேதியைப் பாருங்கள்: ஜனவரி 16. பொங்கல் விடுமுறையில் தேங்கிய வேலையோடு, 3B கட்ட நாலே நாள் இருக்கும்போது.

இதற்கிடையில் கரூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பையன் போன் செய்தான். விளம்பரத்தில் என் எண்ணைப் பார்த்திருக்கிறான். "மேடம், எக்செல் எனக்கு ஓரளவு தெரியுங்க. 14ஆம் தேதி டூபி வந்துருதுங்க. அதை பர்ச்சேஸோட மேட்ச் பண்றதுக்குள்ள 20ஆம் தேதி ஆயிருது. அதுக்கு மட்டும் ஏதாச்சும் சொல்லிக் குடுப்பீங்களாங்க?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கோர்ஸின் ஆறாவது பகுதி முழுக்க அதுதான். அதில்தான் நான் நிஜமாகவே கெட்டிக்காரி. அந்தப் பையன் விளம்பரத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறான், ஒரு தடவைகூட உள்ளே வரவில்லை. 'ஜீரோ டு ஹீரோ' யாரோ புதிதாகப் படிப்பவர்களுக்கு என்று நினைத்து ஒதுக்கிவிட்டான். தவறான ஆட்களை உள்ளே கூப்பிட்ட அதே பெயர், வர வேண்டிய ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக அது என்ன என்று சொல்லிவிடுகிறேன், பெயர் வைத்த கதைக்கு அது தேவை. நாம் சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கழிவைத்தான் ஐடிசி என்கிறார்கள். ஆனால் 2022 ஜனவரியிலிருந்து, நமக்கு விற்றவர் அந்தப் பில்லைத் தன் கணக்கில் காட்டி, அது நம் GSTR-2B அறிக்கையில் வந்தால்தான் கழிக்க முடியும். பையன் சொன்ன டூபி இதுதான், மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும். நம் பர்ச்சேஸ் பதிவேட்டை அதோடு வைத்து ஒவ்வொரு பில்லாகப் பார்க்க வேண்டும். எந்தப் பில் வரவில்லை, எதில் தொகை மாறியிருக்கிறது, எதில் பில் எண் மட்டும் மாறியிருக்கிறது என்று பிரித்து, விற்றவருக்குப் பட்டியல் அனுப்பிச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். அவர் பில்லில் 'TS/024/23-24' என்று இருக்கும், நம் ஆள் '24' என்று மட்டும் ஏற்றியிருப்பான். எக்செல்லுக்கு அது இரண்டும் வேறு வேறு பில். கண்ணால் பார்த்தே ஒப்பிடுகிறவர்கள் ஊருக்குள் ஏராளம்.

கரூர் பையனின் போனுக்குப் பிறகு ஒரு முடிவு செய்தேன். பெரிய கோர்ஸை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆறாவது பகுதியை மட்டும் எடுத்து, 11 சின்ன வீடியோவாக விரித்துத் தனிக் கோர்ஸாகச் செய்வது. இந்தத் தடவை பாடத்தைத் தொடுவதற்கு முன்பே பெயரில் உட்கார்ந்தேன். ஆலோசகர் யாரும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

முதலில் வினைச்சொல்லைத் தேடினேன். 'புரிந்துகொள்வது', 'தேர்ச்சி பெறுவது', 'கற்றுத் தேர்வது' எல்லாவற்றையும் அடித்தேன். ஒருவர் புரிந்துகொண்டாரா என்பதை அவர் மேலாளர் எப்படிப் பார்ப்பார்? 'ஒப்பிடுவது', 'பிரிப்பது', 'பட்டியல் தயாரிப்பது' என்றால் அது மேசை மேல் தெரியும். கோர்ஸை முடித்தவர் மறுநாள் காலை ஆபீஸுக்குப் போய் எந்தக் கோப்பைத் திறப்பார், எதைச் செய்வார், அவர் கையில் என்ன இருக்கும்? இந்த மூன்றுக்கும் விடை எழுதினால் பெயரின் பாதி வந்துவிடுகிறது. எனக்கு வந்த விடை: பர்ச்சேஸ் பதிவேட்டையும் 2B-யையும் திறப்பார், எக்செல்லில் ஒப்பிடுவார், சப்ளையருக்கு அனுப்பும் பட்டியல் கையில் இருக்கும். 'மாஸ்டரி புளூபிரிண்ட்'டுக்கு இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். கோப்பும் இல்லை, செயலும் இல்லை, பட்டியலும் இல்லை.

இருந்தும் உடனே நல்ல பெயர் வந்துவிடவில்லை. முதலில் நான் எழுதியது 'ஐடிசி இழப்பைத் தடுக்கும் எக்செல்'. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: இழப்பைத் தடுப்பது என் மாணவர் கையில் இல்லை. அவர் அழகாகப் பட்டியல் அனுப்பலாம், விற்றவர் போனை எடுக்காமலே இருக்கலாம். அவர் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் வரி போனது போனதுதான். படிப்பவரின் கைக்குள் இருக்கும் பலனை மட்டும்தான் பெயரில் எழுத முடியும். விற்றவர், மேலாளர், வேலை கொடுப்பவர் என்று அடுத்தவர் மனது வைத்தால்தான் நடக்கும் என்றால் அது வாக்குறுதி ஆகிவிடும். 'சம்பள உயர்வு', 'வேலை உறுதி' போன்றவை எல்லாம் இந்த வகை. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் இதைப் பேசியபோது, அது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போட வழி இருக்கிறது. பின்னால் 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென்று தனி வழிகாட்டுதலும் கொண்டுவந்தது.

இரண்டாவது: 'ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷன்: முழுமையான வழிகாட்டி'. 'முழுமையான' என்பது வாயில் தானாக வரும் சொல். ஆனால் முழுமை என்றால் வருடாந்தர GSTR-9 வர வேண்டும், இறக்குமதி வர வேண்டும், கிரெடிட் நோட் எல்லாம் வர வேண்டும். என் 11 வீடியோவில் அதெல்லாம் இல்லை. 'முழுமையான', 'அல்டிமேட்', 'ஏ டு இசட்' என்று எழுதினால், உள்ளே இல்லாத ஒவ்வொன்றும் ஒரு புகாராக வரும்.

மூன்றாவது பெயரில் எண் ஆசை வந்தது: 'இரண்டே மணி நேரத்தில் 2B ஒப்பீடு'. இதைப் படித்த என் தங்கை, "கத்துக்கறதுக்கு ரெண்டு மணி நேரமாக்கா, வேலை முடிக்கறதுக்கா?" என்று கேட்டாள். நான் இரண்டையும் நினைக்காமலே எழுதியிருந்தேன்! சரி, அளந்து பார்ப்போம் என்று, முதல் பேட்சை முடித்த 11 பேரில் 9 பேரிடம் ஒரு பயிற்சிக் கோப்பைக் கொடுத்தேன். 600 பில், அதில் நான் வேண்டுமென்றே 47 தவறுகளை ஒளித்து வைத்திருந்தேன். வேகமாக முடித்தவருக்கு ஒரு மணி 40 நிமிடம். மெதுவானவருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். வித்தியாசம் திறமையில் இல்லை, அவரவர் ஆபீஸ் பதிவேட்டின் பழக்கத்தில் இருந்தது. இதில் எந்த எண்ணைத் தலைப்பில் போடுவது? சின்னதைப் போட்டால் பொய், பெரியதைப் போட்டால் யாரும் வர மாட்டார்கள். எண்ணைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, கீழே விவரத்தில் 'ஒன்பது பேருக்கு 600 பில் கோப்பில் ஒரு மணி 40 நிமிடம் முதல் நாலு மணி நேரத்துக்கு மேல் வரை ஆனது' என்று உள்ளபடியே எழுதினேன். அதே சோதனையில் இன்னொன்றும் வெளிவந்தது. 9 பேரில் 2 பேர், பில் எண்ணில் முன்னால் வரும் பூஜ்ஜியங்களைக் கவனிக்காமல் பல தவறுகளை விட்டிருந்தார்கள். அந்தப் பாடத்தை நான் அவசரத்தில் ஓட்டியிருந்தேன். அதை மறுபடி பதிவு செய்த பிறகுதான் 'ஒப்பிடுவது' என்ற சொல்லைத் தலைப்பில் போடும் தைரியம் வந்தது.

அடுத்து, பெயரை ஆட்களிடம் சோதித்தேன். "பேர் எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள், தமிழ்நாட்டில் யாரும் முகத்துக்கு நேரே வேறு சொல்வதில்லை. அதனால் கணக்கு வேலை பார்க்கும் ஐந்து பேருக்கு வெறும் தலைப்பை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினேன். படம் இல்லை, விளக்கம் இல்லை. கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, திரும்பப் பார்க்காமல் சொல்லச் சொல்லி மூன்றே கேள்வி: இது யாருக்கு, உள்ளே என்ன இருக்கும், முடித்த மறுநாள் என்ன செய்யலாம். அப்போது நான் அனுப்பியிருந்தது '2B டேலி பண்ணுவது எப்படி'. கணக்குக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை ஆயிற்றே, 'டேலி ஆகலை', 'டேலி பண்ணு' என்று. ஐந்தில் மூன்று பேர், இது டேலி மென்பொருளில் சொல்லித் தரும் கோர்ஸ் என்றார்கள். டேலியிலேயே 2B ஒப்பிடும் வசதி இருப்பதால் அவர்கள் நினைத்தது நியாயம்தான். நான் சொல்லித் தருவதோ எக்செல்லில். அந்த ஒரு போன் சுற்று இல்லாவிட்டால் இன்னொரு 20 பேருக்குப் பணம் திருப்பியிருப்பேன்.

சொல் விஷயத்தில் இன்னொரு தடுமாற்றமும் இருந்தது. 'கொள்முதல் பதிவேடு' என்பது நல்ல தமிழ். எனக்கும் ஆசைதான். ஆனால் ஐந்து பேரில் ஒருவர்கூட போனில் கொள்முதல் என்று சொல்லவில்லை, எல்லோர் வாயிலும் 'பர்ச்சேஸ்'தான். தேடும்போதும் அதையேதான் அடிப்பார்கள். 'ரீகன்சிலியேஷன்' என்பதை ஆடிட்டர்கள் சொல்கிறார்கள், அவர்கள் ஆபீஸ் பையன்கள் 'மேட்ச் பண்றது' என்கிறார்கள். நான் 'ஒப்பிடுவது' என்று வைத்தேன், படித்ததும் இரண்டு பேருக்கும் புரிந்தது. கடைசியில் நின்ற பெயர்: 'பர்ச்சேஸ் பில்லை GSTR-2B-யோடு எக்செல்லில் ஒப்பிடுவது'. அடுத்த ஐந்து பேரில் ஐந்து பேருமே மூன்று கேள்விக்கும் சரியாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் "இவ்வளவுதானா?" என்றார். ஆமாம், அவ்வளவுதான்.

தமிழில் பெயர் வைக்கும் யாரும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தொந்தரவு இருக்கிறது. யூடெமி போன்ற தளத்தில் தலைப்புக்கு 60 எழுத்து, உபதலைப்புக்கு 120 எழுத்து என்று வரம்பு உண்டு. கணினி நம் எழுத்தை நம்மைப் போல எண்ணாது. புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும். 'ஒப்பிடுதல்' என்பது நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. என் தலைப்பு நாம் எண்ணினால் இடைவெளியோடு 34, கணினி எண்ணினால் 52. நான் முதலில் கையால் எண்ணி 50-க்குள் இருக்கிறது என்று சந்தோஷமாக எழுதிய ஒரு நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. எக்செல்லிலேயே =LEN(A1) போட்டுப் பார்த்தால் கணினிக் கணக்கு தெரிந்துவிடும், நான்தான் அதைக்கூட அப்போது யோசிக்கவில்லை. இன்னொன்று, வாட்ஸப்பில் லிங்க் பகிரும்போது நீளமான தலைப்பின் வால் தெரியாது. அதனால் 'பர்ச்சேஸ் பில்', 'GSTR-2B' இரண்டும் முன்னாலேயே வந்துவிடும்படி வைத்தேன்.

தலைப்பில் அடங்காததை உபதலைப்பில் வைத்தேன்: விடுபட்ட பில், தொகை மாறிய பில் எனப் பிரித்து சப்ளையருக்கு அனுப்பும் பட்டியல் வரை. அதன் கீழே தனி வரியில் யாருக்கு, யாருக்கு இல்லை என்று எழுதினேன். ஃபில்டர், கூட்டல் ஃபார்முலா தெரிந்திருக்க வேண்டும். அடிப்படை எக்செல் இதில் இல்லை. எக்செல் எந்த வருடத்துப் பதிப்பு என்பதையும் சேர்த்தேன், ஏனென்றால் முதல் பேட்சில் நான் XLOOKUP வைத்துச் சொல்லித் தந்திருந்தேன், அது எக்செல் 2019-லும் அதற்கு முந்தியதிலும் கிடையாது. திருப்பூர் ஆபீஸ்களில் பாதிக் கணினி அந்தக் காலத்தவை. அதனால் பாடத்தையே VLOOKUP-க்கு மாற்றிவிட்டு, '2010 பதிப்பு முதல் ஓடும்' என்று போட்டேன்.

2024 ஜூன் 22ஆம் தேதி திறந்தேன். 3B முடிந்து இரண்டு நாள் கழித்து. கட்டணம் 1,499. விளம்பரம் 6,000 ரூபாய்க்கு மட்டும். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் வாரம் அழுகை வந்தது. விளம்பரத்தைத் தொட்டவர்களே குறைவு. முதல் பெயருக்குப் பத்து நாளில் 58 பேர், இதற்கு ஏழு நாளில் 5 பேர். "பேரு ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்குது" என்றார் கணவர். பழைய மஞ்சள் எழுத்துப் படத்தையே மறுபடி போட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்கக் கை அரித்தது. போடவில்லை. அடுத்த வாரம் அந்த 5 பேரில் ஒருவர் தன் ஆடிட்டர் குரூப்பில் லிங்கைப் போட்டார். மாதக் கடைசியில் தொடங்கி ஜூலை நடுவுக்குள் 26 பேர் ஆனார்கள். 38,974 ரூபாய். முடித்தவர்கள் 19. பணம் திருப்பிக் கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர். அந்தத் திட்டத்தில் உள்ளவர்கள் ஐடிசி எடுக்கவே முடியாது, அவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. என் தவறுதான், 'யாருக்கு இல்லை' வரியில் அதையும் சேர்த்தேன்.

ரொக்கமாகப் பார்த்தால் முதல் பேட்சில் விளம்பரம், ஆலோசகர், திருப்பிக் கொடுத்தது, கமிஷன் எல்லாம் போக என் கையில் நின்றது சுமார் 28,000. இரண்டாவதில் விளம்பரமும் கமிஷனும் அந்த ஒருவர் பணமும் போக 30,000-க்குக் கொஞ்சம் மேல். பெரிய வித்தியாசம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் முதலாவதில் 21 பேரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அந்தப் பணத்தை வாங்கினேன். இந்தக் கணக்கு நுணுக்கமான, சின்னக் கோர்ஸுக்குத்தான் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே எக்செல் தெரியாதவருக்கு அடிப்படை சொல்லித் தருகிறவர் இவ்வளவு குறுகலாகப் பெயர் வைத்தால் பட்டினிதான். அவருக்கு 'முதன்முதலாக எக்செல்: சம்பளப் பட்டியல் போடும் வரை' என்கிற மாதிரி தொடக்கமும் முடிவும் தெரிகிற பெயர் சரியாக இருக்கும்.

பெயரை மாற்றும்போது பழைய பெயர் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. முதல் வீடியோவில் நானே வாயால் 'மாஸ்டரி புளூபிரிண்ட்டுக்கு வரவேற்கிறேன்' என்கிறேன். லிங்கில் அதே சொல். எல்லாவற்றையும்விடச் சங்கடம் சான்றிதழ். முதல் பேட்சில் முடித்த 11 பேரிடம் 'எக்செல் மாஸ்டரி' என்று அச்சிட்ட சான்றிதழ் இருக்கிறது. அதில் ஒருவரை இன்டர்வியூவில் உட்கார வைத்து மேக்ரோ எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எனக்குப் போன் செய்து திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கோர்ஸின் பெயர் கடைசியில் படித்தவரின் பயோடேட்டாவில் போய் உட்காரும் என்பதை நான் யோசித்ததே இல்லை. 11 பேருக்கும் என்னென்ன செய்யத் தெரியும் என்று பட்டியலிட்டு வேறு சான்றிதழ் அனுப்பினேன்.

பெயரில் வருடம் போடாதது மட்டும் தற்செயலாக நல்லதாகப் போனது. 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் என்று ஒரு புது ஏற்பாடு வந்தது, ஒவ்வொரு பில்லையும் ஏற்கவோ நிராகரிக்கவோ செய்யலாம். உடனே நாலைந்து பேர் "இதுல ஐஎம்எஸ் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன், யாரும் கோபிக்கவில்லை. பெயர் அதைச் சொல்லவில்லையே. ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு ஒரு வீடியோவைச் சேர்த்தேன். 'முழுமையான வழிகாட்டி' என்று வைத்திருந்தால் அந்த ஒரு மாதமும் எனக்குத் தூக்கம் இருந்திருக்காது.

போன மார்ச்சில் அந்த 'ஜீரோவுக்கும் கீழ' பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்தது. புதுக் கோர்ஸின் லிங்கை அனுப்பி, "அக்கா, இது எனக்கு ஆகுமா?" என்று கேட்டிருந்தார். இப்போதைக்கு ஆகாது, முதலில் ஃபில்டரும் கூட்டல் ஃபார்முலாவும் பழகிக்கொள்ளுங்கள் என்று எழுதி, எனக்குத் தெரிந்த ஒரு அடிப்படை வகுப்பின் எண்ணையும் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "பேரப் பாத்தப்பவே ஆகாதுன்னு தெரிஞ்சுதுக்கா. எங்க கடைல பில்லு பாக்கற தம்பிக்குத்தான் கேட்டேன்னு வெச்சுக்கங்க." பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை. அந்தத் தம்பி மறுநாள் சேர்ந்தான்.